இருபத்திரண்டு பக்க அத்தியாயத்தை ஒரே பத்தியில் சுருக்குவது எப்படி?

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஆய்வு செய்த அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு பத்தியில் சுருக்கம் வைக்கச் சொல்லும் கைடுகள் உண்டு. அதே அத்தியாயத்தைக் கருத்தரங்குக்கு அனுப்பும்போது, 150 அல்லது 200 சொல்லுக்குள் அப்ஸ்ட்ராக்ட் கேட்பார்கள். இருபது பக்கத்துக்கு மேல் ஓடும் ஒன்றை ஒரு பத்தியாக்க உட்கார்ந்ததும் பலருக்கும் முதலில் தோன்றும் வழி, முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு உட்தலைப்பிலிருந்தும் ஒரு வாக்கியத்தை எடுத்துக் கோத்துக்கொண்டே போவதுதான். அப்படிக் கோக்கும்போது முன்னுரையே பாதிப் பத்தியைத் தின்றுவிடும். முடிவு வருவதற்குள் சொல் கணக்கு தீர்ந்துவிடும். கடைசியில் ‘முடிவுகள் விரிவாக விவாதிக்கப்பட்டுள்ளன’ என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுவார்கள். அந்தப் பத்தியைப் படிப்பவருக்கு ஆய்வில் என்ன தெரியவந்தது என்பது மட்டும் தெரியாது.

சுருக்கத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருந்தாக வேண்டும். எதைத் தெரிந்துகொள்ள இந்த வேலையை எடுத்தீர்கள்? அது நோக்கம். அதற்காக என்ன செய்தீர்கள்? அது முறை. என்ன தெரிந்தது? அது முடிவு. படிப்பவர் இந்த வரிசையில்தான் படிக்க வேண்டும். ஆனால் எழுதுகிறவர் கடைசியிலிருந்து தொடங்கினால் வேலை பாதியாகக் குறையும். முதலில் முடிவை எழுத வேண்டும். அடுத்து, அந்த முடிவை ஒருவர் நம்புவதற்கு எந்தெந்தச் செய்முறை விவரம் தேவையோ அதை மட்டும் எடுக்க வேண்டும். அதற்கும் பிறகு, அந்த முடிவு எந்தக் கேள்விக்கு விடையாக நிற்கிறதோ அந்தக் கேள்வியை நோக்கமாக எழுத வேண்டும். கட்டுரை முழுவதும் இந்த ஒரு முறையைத்தான் ஒரு எடுத்துக்காட்டில் வைத்துப் பார்க்கப்போகிறோம்.

எடுத்துக்காட்டு அத்தியாயம்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் ஒரு கண்மாய். அதைச் சுற்றியுள்ள கிணற்று நீரின் கடினத்தன்மையை அளந்த ஒரு எம்.எஸ்சி. வேதியியல் ப்ராஜெக்ட்டின் நான்காம் அத்தியாயம் என்று வைத்துக்கொள்வோம். அத்தியாயமும் அதிலுள்ள அளவீடுகளும் இந்தப் பயிற்சிக்காக அமைத்தவை, எந்த ஊரின் உண்மை அளவும் அல்ல. குடிநீர்த் தரத்தின் வரம்புகளும் டைட்ரேஷன் முறையும் மட்டும் உள்ளபடியே உள்ளவை.

அத்தியாயம் 22 பக்கம். நீரின் தேவை, கடினத்தன்மை என்றால் என்ன, முன்பு யார் யார் ஆராய்ந்தார்கள் என்று முன்னுரை 6 பக்கம். கண்மாய், ஆயக்கட்டு, மண், மழை என்று பகுதி விவரம் 4 பக்கம். செய்முறை 6 பக்கம். அட்டவணைகளோடு முடிவுகள் 3 பக்கம். விவாதம் 2 பக்கம், ஆய்வின் குறைகளை ஒப்புக்கொள்ளும் வரம்புகள் 1 பக்கம்.

செய்த வேலை இதுதான். கண்மாய்க் கரையிலிருந்து 500 மீட்டருக்குள் உள்ள 6 திறந்த கிணறுகள், அதற்கு அப்பால் உள்ள 6 ஆழ்துளைக் கிணறுகள் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒருமுறையும், மழை முடிந்தபின் ஜனவரியில் ஒருமுறையும் நீர் எடுத்தார்கள். ஒவ்வொரு சாம்பிளின் கடினத்தன்மையையும் இ.டி.டி.ஏ. கரைசலால் மூன்று முறை டைட்ரேஷன் செய்து அளந்தார்கள். திறந்த கிணறுகளின் சராசரி லிட்டருக்கு 412 மில்லிகிராமிலிருந்து 298 ஆனது. ஆழ்துளைக் கிணறுகளின் சராசரி 587-லிருந்து 561 ஆனது. செப்டம்பரில் மூன்று ஆழ்துளைக் கிணறுகள் 600-ஐத் தாண்டின, ஜனவரியில் இரண்டு.

இந்த அத்தியாயத்துக்குப் பக்கவாரியாகக் கோத்து எழுதிய சுருக்கம் இப்படி வரும்:

> நீர் உயிர்கள் வாழ இன்றியமையாதது. இன்று நிலத்தடி நீரின் தரம் நாளுக்கு நாள் குறைந்துவருகிறது. நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருப்பதால் கடினத்தன்மை உண்டாகிறது. இதுகுறித்துப் பல அறிஞர்கள் ஆய்வு செய்துள்ளனர். மேலூர் வட்டம் வேளாண்மையை நம்பியுள்ள பகுதியாகும். இங்கு கண்மாய்ப் பாசனம் சிறப்புற்று விளங்குகிறது. இந்த அத்தியாயத்தில் நீர் மாதிரிகள் சேகரிக்கப்பட்டு இ.டி.டி.ஏ. முறையில் ஆய்வு செய்யப்பட்டன. பிஎச் 10 பஃபர் கரைசலும் எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியும் பயன்படுத்தப்பட்டன. பருவமழையால் கடினத்தன்மை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. முடிவுகள் அட்டவணை 4.3-இல் தரப்பட்டு விரிவாக விவாதிக்கப்பட்டுள்ளன.

பத்து வாக்கியங்களில் முதல் ஆறு வாக்கியங்களை, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, கண்மாய்ப் பாசனமுள்ள எந்த ஊர் நீர் ஆய்வுக்கும் முன்னால் ஒட்டலாம். ஆய்வின் அளவீட்டில் ஒன்றுகூட இதில் இல்லை. எத்தனை கிணறு, எந்த மாதம் என்பதும் இல்லை. ஒன்பதாம் வாக்கியத்தில் இரண்டு தவறுகள் ஒளிந்திருக்கின்றன, அவற்றைப் பிறகு பார்ப்போம். பத்தாம் வாக்கியம், அட்டவணை கையில் இல்லாதவருக்கு எதையும் சொல்லாது. சுருக்கம் பல சமயம் தனியாகவே பயணம் செய்யும். கருத்தரங்குத் தொகுப்பில் அச்சாகும்போது அத்தியாயம் அதோடு வராது. அதனால் அட்டவணை எண், படம் எண், மேற்கோள் எண் எதுவும் சுருக்கத்துக்குள் வரக்கூடாது.

முடிவை முதலில் எழுதுதல்

முடிவை விவாதப் பகுதியிலிருந்து எடுக்காதீர்கள், அட்டவணையிலிருந்து எடுங்கள். விவாதத்தில் நம் விளக்கமும் ஊகமும் கலந்திருக்கும். அட்டவணையில் அளந்தது மட்டும் இருக்கும். அதைப் பார்த்து, ‘எங்கே, எது, எவ்வளவிலிருந்து எவ்வளவு ஆனது’ என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்.

நம் அத்தியாயத்தில் 12 கிணறுகளுக்கு இரண்டு மாதமும் சேர்த்து 24 எண்கள் உண்டு. மொத்தத்தையும் பத்தியில் கொட்ட முடியாது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சராசரி போட்டால் செப்டம்பரில் 499.5, ஜனவரியில் 429.5 என்று வரும். பார்க்கச் சுருக்கமாக இருந்தாலும் அது ஆய்வின் உயிரையே மறைத்துவிடுகிறது. இந்த ஆய்வில் கண்ட முக்கியமான செய்தி, ஒரு வகைக் கிணற்றில் நல்ல மாற்றமும் இன்னொரு வகையில் மிகச் சிறிய மாற்றமும் இருந்தது என்பது. ஆகவே இரண்டு ஜோடி எண்கள் வேண்டும்: 412-லிருந்து 298, 587-லிருந்து 561. எத்தனை எண்கள் வைப்பது என்று குழப்பம் வந்தால், எந்த எண்ணை எடுத்துவிட்டால் முடிவே மாறிப்போகுமோ அதை வையுங்கள், மற்றதை விடுங்கள்.

சதவீதம் மட்டும் போட்டால் போதாதா என்று கேட்கலாம். ‘திறந்த கிணறுகளில் 28 சதவீதம் குறைந்தது’ என்று மட்டும் எழுதினால், குறைந்தபின் அந்த நீர் குடிக்கத் தக்கதா என்பது படிப்பவருக்குத் தெரியாது. 1000-லிருந்து 720 ஆனாலும் 28 சதவீதம்தான். தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் இருந்தால் சதவீதத்தை அவரே போட்டுக்கொள்வார். இடம் இருந்தால் சதவீதத்தை அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம், எண்களை எடுத்துவிட்டுச் சதவீதத்தை வைக்கக்கூடாது.

அலகு இந்தப் பாடத்தில் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியது. மொத்தக் கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடாகக் கணக்கிட்டுச் சொல்வது வழக்கம். நீரில் அத்தனை மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. மெக்னீசியமும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறது. ‘கால்சியம் கார்பனேட்டாக’ என்ற இரண்டு சொல்லை விட்டுவிட்டு ‘412 மி.கி.’ என்று மட்டும் போட்டால், தேர்வாளர் முதல் கேள்வியை அங்கேயே வைப்பார். இதேபோல் ஒவ்வொரு துறையிலும் எண்ணோடு பிரியாமல் வர வேண்டிய சொல் ஒன்றிரண்டு இருக்கும். சொல் கணக்குக்காக அவற்றில் கைவைக்கக்கூடாது.

எண் எதோடு ஒப்பிடப்படுகிறது என்பதும் முடிவின் ஒரு பகுதி. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, அதன் 2012 பதிப்பில், மொத்தக் கடினத்தன்மைக்கு இரண்டு வரம்புகளைச் சொல்கிறது. ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதி உண்டு. இரண்டையும் சுருக்கத்தில் வைக்க இடம் போதாது. நம் ஆய்வில் 12 கிணறுகளும் இரண்டு மாதங்களிலும் 200-க்கு மேல்தான் இருந்தன, அந்த வரம்பு கிணறுகளை வேறுபடுத்திக் காட்டாது. 600 வரம்புதான் சில கிணறுகளைப் பிரித்துக் காட்டுகிறது, எனவே அது போதும். ஆனால் ‘600 வரை பாதுகாப்பானது’ என்று எழுதிவிடக்கூடாது. ‘மாற்று நீராதாரம் இல்லாதபோது’ என்ற நிபந்தனையோடுதான் அந்த எண் நிற்கிறது, சுருக்கத்திலும் நிபந்தனையோடு சேர்த்தே எழுத வேண்டும்.

முறையில் எதை வைப்பது, எதை விடுவது

செய்முறை ஆறு பக்கம் இருப்பதால் அதற்கு இரண்டு மூன்று வாக்கியம் ஒதுக்கத் தோன்றும். ஆய்வகத்தில் நாள்கணக்கில் நின்று செய்த வேலை, விட மனம் வராது. இங்கே ஒரு கேள்வியை வைத்துச் சலியுங்கள்: இந்த விவரம் தெரியாவிட்டால், நான் எழுதிய முடிவை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்வாரா?

கிணறுகளின் எண்ணிக்கை தெரியாவிட்டால் தவறாகப் புரிந்துகொள்வார். ஆறு கிணற்றின் சராசரியை அறுபது கிணற்றின் சராசரியாக நினைத்துவிடலாம். மாதம் தெரியாவிட்டாலும் அப்படித்தான். கரையிலிருந்து உள்ள தொலைவும் கிணற்றின் வகையும் முடிவுக்கே அடிப்படை. ஒவ்வொரு சாம்பிளையும் மூன்று முறை அளந்தது நம்பகத்தைக் காட்டுகிறது, இரண்டே சொல்லில் அடங்கிவிடும், வைக்கலாம்.

பஃபரின் பிஎச் 10 என்பதும், எரியோகுரோம் பிளாக் டி சேர்த்தால் ஒயின் சிவப்பாக இருப்பது எண்ட் பாயிண்டில் நீலமாகும் என்பதும், 50 மில்லி சாம்பிளுக்கு 0.01 மோலார் இ.டி.டி.ஏ. எத்தனை மில்லி செலவானதோ அதை 20-ஆல் பெருக்கினார்கள் என்பதும் அத்தியாயத்தில் கட்டாயம் இருக்க வேண்டும், சுருக்கத்துக்குத் தேவையில்லை. இ.டி.டி.ஏ. டைட்ரேஷன் என்ற பெயரே அவ்வளவையும் சுமந்துகொண்டு வருகிறது. எல்லோரும் செய்கிறபடியே செய்த முறைக்குப் பெயர் போதும். நீங்கள் அந்த முறையில் எதையாவது மாற்றியிருந்தால் மட்டும் அந்த மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். கடினத்தன்மை அதிகமான சாம்பிளை இரண்டு மடங்கு நீர்த்துவிட்டு அளந்திருந்தால்கூட, அது வழக்கமாகச் செய்வதே, சுருக்கத்தில் வராது. டைட்ரேஷனை விட்டுவிட்டுச் சோதனைப் பட்டையால் அளந்திருந்தால், அது வர வேண்டும். துல்லியமே மாறிவிடுகிறதல்லவா?

இந்தச் சல்லடையில் ஆறு பக்கமும் ஒரு வாக்கியமாக இறங்கிவிடும்.

நோக்கம்: விடைக்கேற்ற கேள்வி

நோக்கம் எழுதுவது எளிது என்று தோன்றும். பெரும்பாலும் ப்ராஜெக்ட் தொடங்கும்போது கைடிடம் கொடுத்த முன்வரைவிலிருந்து அப்படியே எடுத்துப் போடுவார்கள். அதில் ‘மேலூர் வட்டத்தின் நிலத்தடி நீர்த் தரத்தை ஆராய்தல்’ என்று இருக்கும். செய்து முடித்த வேலையோ ஒரு கண்மாயைச் சுற்றிப் பன்னிரண்டு கிணறுகள், அதிலும் கடினத்தன்மை ஒன்றுதான். நீர்த் தரம் என்றால் ஃப்ளோரைடு, நைட்ரேட், கரைந்த உப்புகளின் மொத்த அளவு, கிருமிகள் எல்லாம் வரும். நோக்கத்தில் வட்டம் முழுவதையும் சொல்லி, முடிவில் ஒரு கண்மாயைச் சொன்னால், மீதி எங்கே என்று படிப்பவர் தேடுவார்.

இதனால்தான் நோக்கத்தைக் கடைசியில் எழுதச் சொல்கிறோம். முடிவு வாக்கியம் முன்னாலேயே தயாராக இருக்கும்போது, அதற்கு நேரான கேள்வியை எழுதுவது சுலபம். பருவமழைக்கு முன்னும் பின்னும் கடினத்தன்மை எவ்வளவு மாறுகிறது, இரண்டு வகைக் கிணறுகளிலும் அந்த மாற்றம் ஒரே அளவா என்பதுதான் நம் கேள்வி. முன்னுரையின் ஆறு பக்கத்திலிருந்து வேறு எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘நீர் இன்றியமையாதது’ என்ற வரி இல்லாததால் யாரும் குழம்பப்போவதில்லை.

ஆனால் ஒன்று. விடைக்கேற்பக் கேள்வியைச் செதுக்கலாம் என்பதால், தேடியது ஒன்று, கிடைத்தது வேறு என்ற நிலையில் கேள்வியையே மாற்றிவிடக்கூடாது. குறைகிறதா என்று பார்க்கப் போய், குறையவில்லை என்று தெரிந்தால், ‘குறைகிறதா என்று பார்த்தோம், குறையவில்லை’ என்பதே நேர்மையான சுருக்கம். கேள்வியின் எல்லையைச் செய்த வேலையின் அளவுக்குக் குறுக்குவது மட்டுமே இங்கே அனுமதி.

சுருக்கும்போது காணாமல் போகும் வரி

இதுவரை சொன்னதெல்லாம் பழகினால் வந்துவிடும். சுருக்கத்தில் பெரும் பிழை நுழைவது வேறொரு இடத்தில்: அத்தியாயத்தில் தயங்கிச் சொன்ன ஒன்று, சுருக்கத்தில் உறுதியாகிவிடும்.

நம் அத்தியாயத்தின் விவாதப் பகுதி இப்படிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘கண்மாய் நிறைந்து நீர் கசிந்து இறங்கியதால் அருகிலுள்ள கிணறுகளில் உப்பின் செறிவு குறைந்திருக்கலாம்.’ வரம்புகள் பகுதி, ‘தேர்ந்தெடுத்த கிணறுகளில் அருகில் உள்ளவை எல்லாம் ஆழம் குறைந்த திறந்த கிணறுகள், தொலைவில் உள்ளவை எல்லாம் ஆழ்துளைக் கிணறுகள்’ என்று ஒப்புக்கொள்கிறது. சுருக்கம் எழுதுகிறவர் சொல்லைக் குறைக்கும் அவசரத்தில் ‘பருவமழையால் கடினத்தன்மை குறைந்தது’ என்று எழுதிவிடுகிறார். மேலே பார்த்த ஒன்பதாம் வாக்கியம் இதுதான்.

இந்த ஆய்வு அதை நிறுவவில்லை. மாற்றம் தொலைவால் வேறுபட்டதா, ஆழத்தால் வேறுபட்டதா என்று இந்த அமைப்பில் பிரிக்க வழியில்லை, இரண்டும் ஒன்றாகவே மாறுகின்றன. கரைக்கு அருகில் சில ஆழ்துளைக் கிணறுகளும், தொலைவில் சில திறந்த கிணறுகளும் எடுத்திருந்தால்தான் பிரித்திருக்க முடியும். மழைதான் காரணம் என்பதற்கும் தடை உண்டு. மேலூர்ப் பக்கம் பெரியாறு பிரதானக் கால்வாயின் ஒருபோகப் பாசனப் பகுதி. அணையில் நீர் இருந்து திறந்துவிடும் ஆண்டுகளில், கால்வாய்த் தண்ணீரும் கண்மாய்களுக்கு வந்து சேரும். செப்டம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் கண்மாயில் ஏறிய தண்ணீரில் எவ்வளவு மழை, எவ்வளவு அணைநீர் என்று இந்த ஆய்வில் யாரும் அளக்கவில்லை. ஆகவே ‘பருவமழைக்குப் பின் குறைந்திருந்தது’ என்று காலத்தைச் சொல்லலாம். ‘பருவமழையால் குறைந்தது’ என்று காரணத்தைச் சொல்ல உரிமையில்லை. வித்தியாசம் ஒரு சொல்தான். வைவாவில் வெளித்தேர்வாளர் பிடித்துக்கொள்ளும் சொல்லும் அதுதான்.

அதே வாக்கியத்தின் இரண்டாம் தவறு ‘குறிப்பிடத்தக்க அளவு’ என்பது. பேச்சு வழக்கில் ‘கணிசமாக’ என்ற பொருளில்தான் எழுதுகிறோம். ஆனால் ஆய்வு எழுத்தில் அது புள்ளியியல் சோதனை செய்து உறுதிப்படுத்திய வேறுபாட்டைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ‘எந்த டெஸ்ட் போட்டீங்க?’ என்று கேட்டால் பதில் வேண்டும். அத்தியாயத்தில் டி-டெஸ்ட் போன்ற ஒன்று செய்திருந்தால் அந்தச் சோதனையின் பெயரோடு எழுதுங்கள். செய்யவில்லையென்றால் எண்ணையே வையுங்கள், 412-உம் 298-உம் தாமாகவே பேசும்.

வரம்புகள் ஒரு பக்கம் இருக்கிறது. அதிலுள்ள எல்லாவற்றையும் சுருக்கத்தில் சொல்லத் தேவையில்லை. ஓர் ஆண்டின் தரவு மட்டும் என்பது செய்முறை வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். எந்த வரம்பைச் சொல்லாவிட்டால் முடிவுக்கு நம்மிடம் இல்லாத வலு வந்துவிடுமோ, அந்த ஒன்றை மட்டும் கடைசி வாக்கியமாக வையுங்கள்.

சேர்த்து எழுதினால்

இப்போது கடைசியிலிருந்து எழுதியதைப் படிக்கும் வரிசையில் திருப்பி அடுக்கினால் பத்தி இப்படி வரும்:

> மேலூர் வட்டத்தில் ஒரு கண்மாயைச் சுற்றியுள்ள கிணற்று நீரின் மொத்தக் கடினத்தன்மை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் எவ்வளவு மாறுகிறது என்பதையும், அந்த மாற்றம் கரையோரத் திறந்த கிணறுகளிலும் தொலைவிலுள்ள ஆழ்துளைக் கிணறுகளிலும் ஒரே அளவில் இருக்கிறதா என்பதையும் அறிவது இந்த அத்தியாயத்தின் நோக்கம். கண்மாய்க் கரையிலிருந்து 500 மீட்டருக்குள் உள்ள 6 திறந்த கிணறுகளிலும், அதற்கு அப்பால் உள்ள 6 ஆழ்துளைக் கிணறுகளிலும் செப்டம்பரிலும் ஜனவரியிலும் நீர் எடுத்து, ஒவ்வொரு மாதிரியையும் இ.டி.டி.ஏ. டைட்ரேஷன் முறையில் மும்முறை அளந்தோம். திறந்த கிணறுகளின் சராசரிக் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு 412 மில்லிகிராமிலிருந்து 298 ஆகக் குறைந்தது (28 சதவீதம்). ஆழ்துளைக் கிணறுகளில் 587-லிருந்து 561 ஆக மட்டுமே குறைந்தது (4 சதவீதம்). ஜனவரியிலும் 2 ஆழ்துளைக் கிணறுகளின் நீர், இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 மாற்று நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் 600 மில்லிகிராம் வரம்பைத் தாண்டியிருந்தது. கிணற்றின் ஆழமும் கண்மாயிலிருந்து உள்ள தொலைவும் சேர்ந்தே மாறுவதால், இந்த வேறுபாட்டுக்கு எது காரணம் என்பதை இந்தத் தரவிலிருந்து பிரித்துச் சொல்ல இயலவில்லை.

ஆறு வாக்கியம், ஏறத்தாழ 115 சொல். முன்னுரையும் பகுதி விவரமுமான பத்துப் பக்கம் முதல் வாக்கியத்துக்குள் போய்விட்டது. மூன்றே பக்க முடிவுகள் மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொண்டன. பத்தியில் கிடைக்கும் இடம், அத்தியாயத்தில் இருக்கும் பக்கக் கணக்கைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது.

சொல் கணக்கில் ஒரு சங்கதி. கருத்தரங்கு அழைப்பில் 200 சொல் என்று இருப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் சொன்னது. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஒரே செய்திக்குத் தமிழில் சொல் குறைவாகவே ஆகும், ஆனால் பக்கத்தில் அடைக்கும் இடம் அப்படிக் குறையாது. எனவே தமிழ்ச் சுருக்கம் 200 சொல்லை எட்டவில்லையே என்று முன்னுரை வாக்கியங்களைத் திணித்து நிரப்ப வேண்டாம்.

மாறாக, இன்னும் சுருக்கச் சொன்னால் எதை முதலில் விடுவது? சதவீதங்கள் முதலில் போகலாம், எண்கள் இருக்கின்றன. அடுத்து மும்முறை அளந்தது. அதற்கடுத்து 600 வரம்பு பற்றிய வாக்கியம், அது துணை முடிவுதான். நோக்கமும் முறையும் ஒரே வாக்கியமாக இணையலாம். இரண்டு ஜோடி எண்களும் அலகும், ஆய்வின் வரம்பைச் சொல்லும் கடைசி வாக்கியமும் இறுதிவரை நிற்க வேண்டும்:

> மேலூர் வட்டத்தில் ஒரு கண்மாய்ப் பகுதியின் கிணற்று நீர்க் கடினத்தன்மை வடகிழக்குப் பருவமழைக்குப் பின் எவ்வளவு மாறுகிறது என அறிய, கரையோரத் திறந்த கிணறுகள் 6, தொலைவிலுள்ள ஆழ்துளைக் கிணறுகள் 6 ஆகியவற்றின் நீரைச் செப்டம்பரிலும் ஜனவரியிலும் இ.டி.டி.ஏ. டைட்ரேஷன் முறையில் அளந்தோம். சராசரி, கால்சியம் கார்பனேட்டாக லிட்டருக்கு, திறந்த கிணறுகளில் 412 மில்லிகிராமிலிருந்து 298 ஆகவும், ஆழ்துளைக் கிணறுகளில் 587-லிருந்து 561 ஆகவும் குறைந்தது. ஆழமும் தொலைவும் சேர்ந்தே மாறுவதால் காரணத்தைப் பிரித்தறிய இயலவில்லை.

எல்லா அத்தியாயத்திலும் இப்படி அளவீடு இருக்காது. முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் இரண்டாம் அத்தியாயத்தைச் சுருக்கும்போது, எந்த வகை ஆய்வுகளை எப்படித் தேர்ந்தெடுத்துப் படித்தீர்கள் என்பது முறை. அவற்றில் எது இன்னும் ஆராயப்படவில்லை என்று கண்டீர்களோ அது முடிவு. கணினித் துறையில் ஒரு செயலியை வடிவமைக்கும் அத்தியாயமாக இருந்தால், செயலி உருவானது என்பது முடிவாகாது. அதை எதில் ஓட்டிச் சோதித்தீர்கள், எத்தனை உள்ளீட்டில் எத்தனை சரியாக வந்தது என்பதே முடிவு. இரண்டிலும் கடைசியிலிருந்து எழுதும் வரிசை மாறாது.

பத்தி முடிந்ததும் பிரிண்ட் எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு எண்ணையும் வட்டமிட்டு, அது அத்தியாயத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்க எண்ணை ஓரத்தில் எழுதுங்கள். சுருக்கம் எழுதியபிறகு ஒரு ரீடிங்கைத் திருத்தி, சராசரி மாறி, அட்டவணையில் மட்டும் புது எண் ஏறியிருப்பது அடிக்கடி நடக்கிறது. 114-ஐ 412-ஆல் வகுத்தால் 27.67, அத்தியாயத்தில் 27.7 என்றும் சுருக்கத்தில் 28 என்றும் இருக்கலாம், முழு எண்ணாக்கியது என்று யாருக்கும் புரியும். ஆனால் சுருக்கத்தில் 27 என்று இருந்தால் அது பிழை. பக்க எண் எழுத முடியாமல் ஓர் எண் மிஞ்சினால், அந்த எண் அத்தியாயத்தில் இல்லை என்று பொருள். அதை அத்தியாயத்தில் அட்டவணையோடு சேருங்கள், அல்லது சுருக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.